15 பெட்டில் 9 ஜெயித்தும் பணம் குறைந்தது எப்படி?

கேள்வி: கிரிக்கெட் என்றால் எனக்கு உயிர். நண்பர்களின் பெட்டிங் குரூப்பில் இருக்கிறேன். ஒவ்வொரு முறையும் 100 வீதம், ஜெயிக்க வாய்ப்பு அதிகம் என்று தோன்றும் அணிமீதுதான் கட்டுவேன். 15 பெட்டில் 9 ஜெயித்தேன், ஆனாலும் 150 குறைகிறது. வெளியேறப்போகிறேன் என்றால், "உனக்குத்தானே கை ராசி, ஏன்டா போறே?" என்கிறார்கள். "மச்சான், எனக்கு நேரம் சரியில்ல, கொஞ்ச நாள் ஒதுங்கிக்கிறேன்" என்று எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா? ஆப்பில் கொஞ்சம் பணமும் போனஸும் மிச்சம் இருக்கின்றன.

பதில்: அனுப்புங்கள், ஆனால் அந்த வாசகத்தை மாற்றிவிட்டு. நேரம் சரியில்லை என்று சொன்னால், நேரம் சரியானதும் திரும்பி வருவீர்கள் என்றுதான் நண்பர்கள் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த பெரிய தொடர் தொடங்கும்போது முதல் அழைப்பு உங்களுக்குத்தான் வரும். அதோடு, உங்கள் நஷ்டத்துக்கும் நேரத்துக்கும் பெரிதாகச் சம்பந்தம் இல்லை.

வலுவான அணிக்கு ஆட்ஸ் குறைவு. உங்கள் எண்களை வைத்துப் பார்த்தால் அது 1.50-ஐ ஒட்டியே இருந்திருக்க வேண்டும். அதாவது 100 கட்டி ஜெயித்தால் 150 கைக்கு வரும், அதில் லாபம் 50 மட்டுமே. தோற்றால் முழு 100-ம் போய்விடும். 9 வெற்றிக்கு 450 வந்தது, 6 தோல்விக்கு 600 போனது. ஆக 150 நஷ்டம். இந்த ஆட்ஸில் அசலாவது தேற வேண்டுமென்றால் மூன்றுக்கு இரண்டு, அதாவது 15-க்கு 10 ஜெயித்திருக்க வேண்டும். குரூப்பில் எல்லோரும் எத்தனை ஜெயித்தோம் என்று எண்ணுகிறார்கள். ஒரு வெற்றிக்கு எவ்வளவு வருகிறது, ஒரு தோல்விக்கு எவ்வளவு போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஜெயித்த ஸ்கிரீன்ஷாட் மட்டும் வந்து விழும் இடத்தில் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

சரி, அடுத்த முறை 10 ஜெயித்தால் போதாதா என்று தோன்றும். இங்கேதான் ஆட்ஸ் எப்படிப் போடப்படுகிறது என்று தெரிய வேண்டும். ஒரு அணிக்கு 1.50, எதிரணிக்கு 2.50 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை ஆட்ஸால் வகுத்தால் அதில் ஒளிந்திருக்கும் வாய்ப்பு தெரிந்துவிடும். முதல் அணிக்கு 66.67 சதவீதம், இரண்டாவதற்கு 40 சதவீதம். கூட்டினால் 106.67 வருகிறது. ஒரு ஆட்டத்தில் யாராவது ஒருவர் ஜெயிக்கும் வாய்ப்பு 100-ஐத் தாண்டாது அல்லவா? மீதமுள்ள 6.67 தான் புக்கி தனக்கென்று எடுத்து வைத்த பங்கு. அதை இரு பக்கமும் விகிதப்படி கழித்தால், வலுவான அணியின் உண்மையான வாய்ப்பாக அந்த ஆட்ஸ் சொல்வது 62.5 சதவீதம். 15 ஆட்டத்தில் சுமார் 9. நீங்கள் ஜெயித்ததும் 9 தான். பிட்ச், பனி, பவுலிங் மாற்றம் என்று நீங்கள் அலசியதெல்லாம் ஏற்கெனவே ஆட்ஸுக்குள் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு குறைந்த ஆட்ஸ் அணிமீது கட்டியவருக்கும் ஏறக்குறைய இதே முடிவுதான் கிடைத்திருக்கும். (கிரிக்கெட் ரசிகரிடம் இதைச் சொல்வது சங்கடம்தான்.)

இப்போது மெசேஜ். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "மச்சான், 15-ல 9 ஜெயிச்சும் எனக்கு 150 நஷ்டம். ஜெயிச்சா 50, தோத்தா 100. இந்த ரேட்டுக்கு மூணுல ரெண்டு ஜெயிச்சாத்தான் அசலே வரும், அந்த அளவுக்கு ஜெயிக்க முடியாதுன்னு ஆட்ஸே சொல்லுது. அதனால குரூப்பை விட்டுப் போறேன். மேட்ச் பார்க்கக் கூப்பிடுங்க, வர்றேன். பெட் பத்தி மட்டும் வேண்டாம்." இதில் யாரையும் குறை சொல்லவில்லை, அதனால் சண்டைக்கு இடமில்லை. "கடைசியா ஒண்ணு மட்டும்" என்று யாராவது பதில் போட்டால், கணக்கு அந்த ஒன்றுக்கும் அதேதான்.

குரூப்பில் யாருக்காவது தர வேண்டியது இருந்தால், அனுப்பும் முன்பே கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு வர வேண்டியதைப் பணமாக மட்டும் கேளுங்கள். "அடுத்த மேட்ச்ல கழிச்சுக்கலாம்" என்ற பேச்சு வேண்டாம், பலர் மறுபடி உள்ளே போவது அந்த வழியாகத்தான்.

ஆப்பில் இருக்கும் மிச்சத்தைப் பொறுத்தவரை, போனஸுக்கு ஆசைப்படாதீர்கள். போனஸை எடுக்க, அதைப்போல் பல மடங்கு தொகைக்குப் பெட் கட்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனை இருப்பது வழக்கம். 500 போனஸுக்குப் பத்து மடங்கு என்றால் 5,000-க்குக் கட்ட வேண்டும். மேலே பார்த்த ஆட்ஸில் 100-க்கு 6.25 வீதம் சராசரியாக 312 அதிலேயே கரைந்துவிடும், அதுவும் அந்த 5,000-த்தோடு நிறுத்த மனம் வந்தால். விதிமுறையைப் படித்து, போனஸை விட்டுக்கொடுத்தால் சொந்தப் பணத்தை எடுக்க முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் முழுவதையும் வங்கிக்கு மாற்றிவிட்டு, கணக்கை நிரந்தரமாக மூடச் சொல்லி ஆப்பிலேயே கோரிக்கை கொடுங்கள். ஆப்பை அழிப்பது அதற்கு அப்புறம்தான். அழித்தாலும் கணக்கு அங்கேயே இருக்கும்.