கன்றின் தொப்புளில் திரும்பத் திரும்பப் புழு

“ஒரு வாரக் கன்று. தொப்புள் புண்ணில் புழுவை எடுத்தாலும் மறுநாள் மறுபடி நெளிகிறது.”

மேலே தெரிந்ததை மட்டும் எடுத்திருப்பீர்கள். கிரைசோமியா பெசியானா ஈயின் புழு உயிருள்ள சதையைத் தின்னும்; தலையை உள்ளே புதைத்து, வால்பக்கத் துளைகளால் மூச்சுவிடும். டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த துணியைச் சிறிது நேரம் புண்ணில் வையுங்கள். மூச்சுமுட்டி வெளியே வரும். இடுக்கியால் நசுக்காமல் எடுங்கள். (மனிதர் புண்ணில் டர்பன்டைன் வேண்டவே வேண்டாம், மருத்துவர்தான் எடுக்கவேண்டும்.) அப்புறம் உப்புநீரில் கழுவி, போவிடோன் அயோடின் போட்டு, புண்ணைச் சுற்றி ஈ விரட்டும் களிம்பு தடவுங்கள். முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும், அதனால் ஆறும்வரை தினமும் பாருங்கள். நாற்றத்தோடு ரத்தநீர் கசிந்தால் உள்ளே இன்னும் புழு இருக்கிறது. தொப்புள் வீங்கினாலோ கன்று பால் குடிக்காவிட்டாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்; புழுவைக் கொல்லும் ஐவர்மெக்டின் ஊசியின் அளவையும் அவரே சொல்லட்டும்.