அறக்கட்டளையின் நோக்கம் தீர்ந்துபோனால் பணம் யாருக்கு?

கேள்வி: ஒருவர் உயிலில் அறத்துக்கென்று எழுதிவைத்த நோக்கமே இல்லாமல் போய்விட்டால், பணம் வாரிசுகளுக்குத் திரும்பிவிடுமா?

எல்லாச் சமயங்களிலும் அல்ல. இதற்குச் சிறந்த வழக்கு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 1867-இல் தீர்த்த ஜாக்சன் எதிர் பிலிப்ஸ்.

பாஸ்டனைச் சேர்ந்த பிரான்சிஸ் ஜாக்சன் 1861-இல் இறந்தார். அடிமைமுறைக்கு எதிராக நூல்கள், செய்தித்தாள்கள், சொற்பொழிவுகள் மூலம் மக்கள் கருத்தை உருவாக்க 10,000 டாலரும், தப்பிவந்த அடிமைகளுக்கு உதவ 2,000 டாலரும் எழுதிவைத்திருந்தார். 1865-இல் அடிமைமுறையே ஒழிந்தது. வாரிசுகள் பணத்தைக் கேட்டார்கள்.

நீதிமன்றம் 'சை-ப்ரே' கோட்பாட்டைப் பயன்படுத்தியது. சொன்ன வழி அடைபட்டாலும், கொடுத்தவரின் மனத்தில் பொதுவான அறநோக்கம் இருந்திருந்தால், அதற்கு மிக நெருக்கமான வேறொரு பயனுக்குப் பணத்தைத் திருப்பலாம். அதன்படி முதல் தொகை விடுதலை பெற்றவர்களின் கல்விக்கும், இரண்டாவது பாஸ்டன் பகுதியில் வறுமையில் வாடிய கறுப்பின மக்களுக்கும் போயின. குறிப்பிட்ட ஒரே திட்டத்தைத் தவிர வேறெதையும் கொடுத்தவர் விரும்பவில்லை என்று தெரிந்தால், இந்த வழி திறக்காது.

அதே உயிலில் பெண்களுக்கு வாக்குரிமை தரும் சட்டங்களைக் கொண்டுவருவதற்கும் பணம் இருந்தது. அது வாரிசுகளுக்கே போனது. கல்வி, சமயம், நோய் தீர்த்தல், வறுமை நீக்கம் போன்றவற்றால் பெயர் குறிக்கப்படாத பொதுமக்கள் பயனடைவதே அறம். இருக்கும் சட்டத்தை மாற்றுவது அரசியல் நோக்கம் என்றது தீர்ப்பு. நியாயமான ஒரு கோரிக்கைக்கு இழைத்த அநீதியாகவே இதை நான் பார்க்கிறேன். ஆனால் தர்க்கம் தெளிவு: தொடக்கத்திலேயே அறம் ஆகாத நோக்கத்தை சை-ப்ரே காப்பாற்றாது.