எஸ்.டி.ஆர் மதிப்பைக் கணக்கிடுவது எப்படி: ரிசர்வ் வங்கித் தேர்வு எழுதும் மாணவிக்குப் பதில்

கேள்வி: பி.ஏ. பொருளாதாரம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ரிசர்வ் வங்கி கிரேடு 'பி' தேர்வுக்குத் தயாராகிறேன். இலங்கைக்கு ஐ.எம்.எஃப் எனும் பன்னாட்டு நாணய நிதியம் தந்த கடன் தவணைகளைக் குறிப்பெடுத்தபோது குழப்பம் வந்தது. ஒவ்வொரு தவணையும் நிதியத்தின் கணக்கு அலகான எஸ்.டி.ஆரில் 25.4 கோடி என்கிறார்கள். ஆனால் டாலர் தொகை ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கிறது. எஸ்.டி.ஆரின் மதிப்பைத் தீர்மானிக்கும் நாணயக் கூடையில் டாலரின் பங்கு 43.38 சதவீதம் என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். அதை வைத்துக் கணக்குப் போட்டால் விடை வரவில்லை. இதை இவ்வளவு ஆழமாகப் படிக்க வேண்டுமா என்று அப்பாவும் கேட்கிறார்.

பதில்: நீங்கள் குறிப்பெடுத்த எண்கள் சரியானவைதான். 2023 மார்ச்சில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தவணை 25.4 கோடி எஸ்.டி.ஆர். அன்றைக்கு அது சுமார் 33.3 கோடி டாலர். அதே 25.4 கோடி எஸ்.டி.ஆர், 2023 டிசம்பரில் சுமார் 33.7 கோடி டாலராகவும் 2025 ஜூலையில் சுமார் 35 கோடி டாலராகவும் இருந்தது. நிதியம் கூடுதலாக எதையும் கொடுத்துவிடவில்லை. கடன் எஸ்.டி.ஆரில் எழுதப்பட்டது, டாலர் தொகை அன்றைய மாற்று விகிதத்தில் சொன்னது. 35 கோடியை 25.4 கோடியால் வகுத்தால் ஓர் எஸ்.டி.ஆருக்குச் சுமார் 1.378 டாலர் வரும். முதல் தவணைக்கு இதே வகுத்தலைச் செய்தால் 1.311. இடைப்பட்ட காலத்தில் கூடையிலுள்ள மற்ற நாணயங்களுக்கு எதிராக டாலர் மொத்தத்தில் இறங்கியது என்பதை இந்த இரண்டு எண்களிலிருந்தே படித்துவிடலாம்.

சிறப்பு எடுப்பு உரிமை என்ற எஸ்.டி.ஆரை 1969-இல் உருவாக்கியபோது அதன் மதிப்பு 0.888671 கிராம் தங்கம், அதாவது அன்றைய ஒரு டாலர். 'காகிதத் தங்கம்' என்ற பட்டப்பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது. 1974-இல் தங்கத்தை விட்டுவிட்டு 16 நாணயங்களின் கூடைக்கு மாறினார்கள். 1981-இல் அது 5 ஆகச் சுருங்கியது. இன்று கூடையில் டாலர், யூரோ, சீன யுவான், ஜப்பானிய யென், பவுண்ட் ஆகிய ஐந்தும் இருக்கின்றன. யுவான் சேர்ந்தது 2016 அக்டோபர் 1-இல். எஸ்.டி.ஆரை நோட்டாகவோ நாணயமாகவோ யாரும் கையில் வைத்துக்கொள்ள முடியாது. உறுப்பு நாடுகளும் நிதியம் அனுமதித்த சில அமைப்புகளும் மட்டுமே வைத்திருக்கலாம். தேவைப்படும்போது டாலர், யூரோ போன்ற நாணயமாக மாற்றிக்கொள்ளலாம்.

இனி உங்கள் குழப்பத்தின் வேருக்கு வருவோம். நீங்கள் மனப்பாடம் செய்த 43.38 சதவீதம் சரியான எண்தான், ஆனால் அன்றாடக் கணக்கில் அதற்கு வேலையே கிடையாது. கூடைக்குள் இருப்பது சதவீதமாக இல்லை, அளவாக இருக்கிறது. ஒரு பையில் இத்தனை கிலோ அரிசி, இத்தனை கிலோ பருப்பு, இத்தனை லிட்டர் எண்ணெய் என்று போட்டுக் கட்டிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பையின் இன்றைய விலையை அறிய ஒவ்வொரு பொருளின் அளவையும் இன்றைய விலையால் பெருக்கிக் கூட்டுவீர்கள். எண்ணெய் விலை ஏறினால் பையின் மொத்த விலையில் எண்ணெயின் பங்கு தானாகக் கூடும். உள்ளே இருக்கும் எண்ணெய் அதே அளவுதான்.

2022 ஆகஸ்ட் 1 முதல் ஓர் எஸ்.டி.ஆர் பைக்குள் இருப்பவை இவை: 0.57813 டாலர், 0.37379 யூரோ, 1.0993 யுவான், 13.452 யென், 0.080870 பவுண்ட். குறிப்பேட்டில் எழுத வேண்டியவை இந்த ஐந்து எண்கள்தான்.

சதவீதங்கள் எதற்கு என்றால், இந்த அளவுகளைத் தீர்மானிப்பதற்கு. கூடையை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்வது வழக்கம். அப்போது நிதியத்தின் நிர்வாக வாரியம் ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு பங்கைத் தீர்மானிக்கும். 2022-இல் தீர்மானித்தது டாலர் 43.38, யூரோ 29.31, யுவான் 12.28, யென் 7.59, பவுண்ட் 7.44 சதவீதம். இந்தப் பங்குகளை முந்தைய மூன்று மாதங்களின் சராசரி மாற்று விகிதத்தை வைத்து அளவாக மாற்றுவார்கள். கூடவே, மாறும் நாளில் பழைய கூடையும் புதிய கூடையும் ஒரே மதிப்பில் இருக்கும்படி எண்களைச் சரிசெய்வார்கள். இல்லையென்றால் ஒரே இரவில் எல்லா நாடுகளின் கடனும் கையிருப்பும் தாவிவிடும். சராசரி விகிதத்தை வைத்துச் செய்வதால், முதல் நாளிலேயே கூட டாலரின் பங்கு அச்சொட்டாக 43.38 ஆக இருக்க வேண்டும் என்பதில்லை. பல கையேடுகள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எளிதாக இருக்க நானே சில விகிதங்களை எடுத்துக்கொள்கிறேன்: ஒரு யூரோ 1.10 டாலர், ஒரு பவுண்ட் 1.25 டாலர், ஒரு டாலருக்கு 7 யுவான், ஒரு டாலருக்கு 140 யென். விகிதங்களைச் சொன்ன விதத்தைக் கவனியுங்கள். யூரோவுக்கும் பவுண்டுக்கும் 'ஒன்றுக்கு எத்தனை டாலர்' என்பது சந்தை வழக்கம். யுவானுக்கும் யென்னுக்கும் 'ஒரு டாலருக்கு எத்தனை' என்பது வழக்கம். ஆகவே முதல் இரண்டைப் பெருக்க வேண்டும், அடுத்த இரண்டை வகுக்க வேண்டும்.

டாலர் அப்படியே 0.578130. யூரோ 0.37379 × 1.10 = 0.411169. யுவான் 1.0993 ÷ 7 = 0.157043. யென் 13.452 ÷ 140 = 0.096086. பவுண்ட் 0.080870 × 1.25 = 0.101088. ஐந்தையும் கூட்டினால் 1.343516. ஆக, ஓர் எஸ்.டி.ஆர் 1.343516 டாலர். ஒரு டாலருக்கு எத்தனை எஸ்.டி.ஆர் என்று கேட்டால் 1-ஐ இதால் வகுக்க வேண்டும்: 0.744316. எக்செல்லில் B1 முதல் B4 வரை யூரோ, யுவான், யென், பவுண்ட் விகிதங்களை இதே வரிசையில் உள்ளிட்டு, இந்த ஒரு வரியைப் போட்டால் போதும்:

```
=0.57813+0.37379*B1+1.0993/B2+13.452/B3+0.08087*B4
```

இப்போது நம் கணக்கில் ஒவ்வொன்றின் பங்கும் எவ்வளவு? டாலர் 43.03, யூரோ 30.60, யுவான் 11.69, பவுண்ட் 7.52, யென் 7.15 சதவீதம். 2022 மறுஆய்வில் பவுண்டைவிட யென்னின் பங்கு அதிகம். இங்கே யென் கீழே போய்விட்டது. கூடையை யாரும் தொடவில்லை, விகிதங்கள் மட்டும்தான் வேறு. நேர்முகத் தேர்வில் 'கூடையில் யென்னின் பங்கு எவ்வளவு' என்று கேட்டால், '2022 மறுஆய்வில் 7.59 சதவீதம், அன்றாடப் பங்கு விகிதத்தோடு மாறும்' என்று சொல்லுங்கள். கேட்டவருக்கு உங்கள் தெளிவு அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

தவறு எங்கே நேரும் என்றால், முதலாவது நீங்கள் செய்ததுதான். பங்குச் சதவீதங்களை மாற்று விகிதத்தோடு பெருக்கியும் வகுத்தும் கூட்டினால், இதே விகிதங்களுக்கு 0.867 வரும். ஒன்றுக்குப் பக்கத்தில் இருப்பதால் சரிபோலத் தோன்றி ஏமாற்றும். யென்னில் வகுப்பதற்குப் பதில் பெருக்கினால் அந்தப் பகுதி மட்டுமே 1883 என்று வந்து உடனே காட்டிக்கொடுத்துவிடும். யுவானில் அதே தவறைச் செய்தால் மொத்தம் 8.88 ஆகும்; தேர்வு அவசரத்தில் கண்ணில் படாமல் போகலாம். இலங்கைத் தவணைகளில் பார்த்த 1.31, 1.38 ஆகியவற்றை மனதில் வைத்திருங்கள். விடை அந்தப் பக்கத்தில் இல்லையென்றால் கணக்கை மறுபடி பாருங்கள்.

யென் மட்டும் ஒரு டாலருக்கு 140-இலிருந்து 154-க்குச் சரிந்தால் என்ன ஆகும்? யென்னின் பகுதி 0.087351 ஆகும், எஸ்.டி.ஆர் 1.334781 டாலராக இறங்கும். ஒரு நாணயம் இவ்வளவு ஆடியும் எஸ்.டி.ஆரில் இறக்கம் 0.65 சதவீதம்தான். கூடை வைத்திருப்பதன் பயன் இதில் தெரிகிறது. ஆனால் மற்ற நான்குக்கும் எதிராக டாலரே ஏறினால் இந்தப் பாதுகாப்பு குறைவு. பையில் பாதிக்கும் மேலான பகுதி ஒரே திசையில் இறங்கும்.

நிதியம் இந்தக் கணக்கை வேலை நாள்தோறும் போடுகிறது. லண்டன் நேரம் நண்பகலை ஒட்டி, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள விகிதத்தை எடுக்கிறார்கள். லண்டன் சந்தை விடுமுறை என்றால் நியூயார்க் விகிதம். இரண்டும் மூடியிருந்தால் ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதம். நீங்கள் மாலையில் பார்த்த விகிதத்தை வைத்துப் போட்ட விடை நிதியத்தின் எண்ணோடு நான்காவது தசமத்தில் ஒத்துப்போகாவிட்டால் காரணம் இதுதான், சூத்திரம் பிசகவில்லை.

ரூபாய் கூடையில் இல்லை. எஸ்.டி.ஆரின் டாலர் மதிப்பை டாலரின் ரூபாய் விகிதத்தால் பெருக்கினால் ரூபாய் மதிப்பு கிடைக்கும். டாலர் 84 ரூபாய் என்றால் நம் எடுத்துக்காட்டில் ஓர் எஸ்.டி.ஆர் சுமார் 112.86 ரூபாய்.

உங்கள் தேர்வுக்கு மிகவும் பயன்படும் இடம் அந்நியச் செலாவணிக் கையிருப்பு. 2021 ஆகஸ்ட் 23-இல் நிதியம் இந்தியாவுக்கு 1257 கோடி எஸ்.டி.ஆர் ஒதுக்கியது, இந்தியாவின் மொத்தம் 1366 கோடி ஆனது. அன்றைய மதிப்பில் அது 1941 கோடி டாலர், அதாவது ஓர் எஸ்.டி.ஆருக்குச் சுமார் 1.42 டாலர். இதே 1366 கோடியை நம் எடுத்துக்காட்டு விகிதத்தில் மாற்றினால் சுமார் 1835 கோடி டாலர்தான். யென் சரிந்த கணக்கில் மேலும் 12 கோடி டாலர் குறையும். ரிசர்வ் வங்கியின் வார அறிக்கையில் எஸ்.டி.ஆர் வரியின் டாலர் தொகை இறங்கியதைப் பார்த்து 'இந்தியா எஸ்.டி.ஆரை விற்றது' என்று எழுதிவிடாதீர்கள். விற்காமலேயே விகிதத்தால் மட்டும் இந்த எண் ஏறி இறங்கும்.

அப்பாவின் கேள்விக்கும் நேராகச் சொல்லிவிடுகிறேன். எஸ்.டி.ஆர் என்ற பெயரில் தனியாக ஒரு வேலை இல்லை; இதற்கென்று பணம் கட்டிச் சான்றிதழ் படிப்பில் சேர வேண்டாம். ஆனால் மத்திய வங்கிப் பணிக்கு வெளியிலும் இந்தக் கணக்கு வரும். மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பன்னாட்டு விமானப் பயணத்தில் பெட்டி தொலைந்தால் விமான நிறுவனத்தின் பொறுப்புக்கு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1519 எஸ்.டி.ஆர். நம் விகிதத்தில் அது சுமார் 2041 டாலர். விமான நிறுவனம், சரக்குப் போக்குவரத்து, காப்பீடு ஆகியவற்றின் இழப்பீட்டுப் பிரிவில் சேர்பவர் இதை ரூபாயாக மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். அரை நாள் உட்கார்ந்து படித்தால் போதுமான விஷயம்.

கையேடு வாங்கும்போது டாலர் அளவை மட்டும் பாருங்கள். 0.58252 என்று இருந்தால் அது 2016-ஆம் ஆண்டுக் கூடை. 2022 ஜூலை வரையிலான தேதிகளுக்குத்தான் பொருந்தும். இப்போதைய கூடை 2027 ஜூலை 31 வரை என்று திட்டமிடப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு தேர்வு எழுதுவதாக இருந்தால், ஐந்து அளவுகளையும் நிதியத்தின் இணையதளத்தில் 'SDR Valuation' பக்கத்தைப் பார்த்துப் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள்.