மாதம் 250 டாலர் தரும் வலைப்பூவுக்கு 9,000 டாலர் கொடுக்கலாமா?

கேள்வி: தொட்டிச் செடி வளர்ப்பு பற்றிய ஒரு வலைப்பூ விலைக்கு வந்திருக்கிறது. மாதம் 30,000 வருகை, கூகுள் விளம்பரத்தில் மாதம் 250 டாலர் வருமானம், வாரத்துக்கு ஒரு மணி நேர வேலைதான் என்கிறார் விற்பவர். 36 மாத வருமானம் என்று கணக்குப் போட்டு 9,000 டாலர் கேட்கிறார். அவர் கொடுத்த ஓராண்டு வரவு செலவுக் கணக்கை இணைத்திருக்கிறேன். இந்த விலை நியாயமா?

பதில்: இந்த விலைக்கு வாங்காதீர்கள். தளம் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் விலைக்கு அடிப்படையாக அவர் எடுத்துக்கொண்ட 250 என்ற எண்ணே சரியில்லை.

நீங்கள் அனுப்பிய கணக்கைப் பாருங்கள். 250 டாலர் என்பது அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதங்களின் சராசரி. ஆண்டு இறுதியில் விளம்பரதாரர்கள் அதிகம் செலவழிப்பார்கள். அதே வருகைக்கு அப்போது கூடுதல் பணம் கிடைக்கும், ஜனவரியில் சட்டென்று இறங்கிவிடும். அதனால் எப்போதுமே 12 மாதத்தையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். இவருடைய ஆண்டு மொத்தம் 2,160 டாலர். மாதத்துக்கு 180 வருகிறது. இதுவும் கையில் வந்து சேர்ந்த தொகைதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் திரையில் அன்றாடம் தெரிவது உத்தேசத் தொகை. செல்லாத கிளிக்குகளைக் கழித்த பிறகு கொடுப்பதுதான் உண்மையான வருமானம்.

அடுத்தது செலவு. சர்வர் வாடகை, டொமைன், மின்னஞ்சல் சேவை, கட்டண பிளகின் எல்லாம் சேர்த்து மாதம் 40 டாலர் என்று அவரே எழுதியிருக்கிறார். ஆக, மிச்சம் 140. பெரும்பாலான பேரங்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடும். 140-ஐ மாதங்களால் பெருக்கி விலை சொல்வார்கள். நான் இன்னும் ஒரு படி போகச் சொல்வேன்: உழைப்பையும் கழியுங்கள்.

வாரம் ஒரு மணி நேரம் என்ற பேச்சைச் சோதிப்பது சுலபம். தளத்தின் முகவரிக்குப் பின்னால் `/sitemap.xml` அல்லது `/wp-sitemap.xml` என்று சேர்த்துத் திறந்து பாருங்கள். பல தளங்களில் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியோடும் அதைக் கடைசியாகத் திருத்திய தேதி இருக்கும். இல்லாவிட்டால் பதிவுகளில் உள்ள தேதிகளைப் பாருங்கள். மாதம் நான்கு புதிய பதிவுகள், பழையவற்றில் சில திருத்தங்கள் என்று தெரிந்தால் அது வாரம் ஒரு மணி நேர வேலை அல்ல. படம் எடுப்பது, வாசகர் கருத்துகளுக்குப் பதில் சொல்வது, பிளகின்களைப் புதுப்பிப்பது எல்லாம் இதில் சேரும். இந்த வேலையை வெளியாளிடம் கொடுத்தால் என்ன கூலி ஆகும் என்று விசாரியுங்கள். மிகக் குறைத்து, மாதம் 60 டாலர் என்றே வைப்போம். அப்போது தளம் தானாகச் சம்பாதிப்பது 80 டாலர்தான்.

'நானே எழுதிக்கொள்கிறேனே, எதற்குக் கூலி?' என்று தோன்றலாம். தாராளமாக எழுதுங்கள். ஆனால் நாளைக்கு நீங்கள் உழைத்துச் சம்பாதிக்கப் போகும் பணத்துக்கு இன்று விற்பவரிடம் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். பதிவு தேதிகளில் இரண்டு மூன்று மாத இடைவெளி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த இடைவெளியிலும் அதற்குப் பிந்திய மாதங்களிலும் வருகை நிலையாக இருந்திருந்தால், தளத்துக்கு நிஜமாகவே சொந்தக் கால் இருக்கிறது. கழிக்கும் கூலியைக் குறைத்துக்கொள்ளலாம். வருகை சரிந்திருந்தால் கூலியைக் கழித்தே ஆக வேண்டும்.

இனி, எத்தனை மாதத்தால் பெருக்குவது? சிறு தளங்களுக்கு 20 முதல் 40 மாத லாபம் வரை பேசுகிறார்கள். அந்த எல்லைக்குள் மேலா கீழா என்பதை வருகைதான் முடிவு செய்யும். 30,000 என்ற எண்ணிக்கையை விட, அது எங்கிருந்து வருகிறது, எத்தனை பக்கங்களில் பரவியிருக்கிறது என்பது முக்கியம்.

இதற்கு ஸ்கிரீன்ஷாட் போதாது. கூகுள் தேடலிலிருந்து தளத்துக்கு வரும் வருகையைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் பார்வையிட மட்டும் அனுமதி கேளுங்கள். உள்ளே `Performance` பகுதியில் 16 மாத விவரம் கிடைக்கும். அதனால் சமீபத்திய நான்கு மாதங்களைப் போன ஆண்டின் அதே நான்கு மாதங்களோடு ஒப்பிடலாம். சீசன் ஏற்ற இறக்கத்தை வளர்ச்சி என்று நம்பி ஏமாறாமல் இருக்க இதுதான் வழி. `Manual actions` பக்கத்தில் கூகுளின் தண்டனை ஏதும் இல்லை என்பதையும் பார்த்துவிடுங்கள். அப்புறம் `Performance` பகுதிக்கே திரும்பி, அங்குள்ள `Pages` பட்டியலை கிளிக் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்துங்கள்.

இப்படிப்பட்ட சிறு தளங்களில் அடிக்கடி காண்பது, முதல் வரியில் இருக்கும் ஒரே பதிவு மொத்த கிளிக்குகளில் பத்துக்கு நான்கை வாங்கிக்கொண்டிருக்கும். இங்கேயும் அப்படி என்று வைத்துக்கொள்வோம். தேடலில் அந்தப் பதிவு சற்று கீழே இறங்கி, அதன் வருகை பாதியானால் வருமானம் 180-லிருந்து ஏறக்குறைய 144-க்கு வரும். ஐந்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் 40 டாலர் செலவும் 60 டாலர் கூலியும் குறையாது. மிச்சம் 44. அதாவது, 80 டாலர் லாபம் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. இது வெறும் கற்பனை பயம் இல்லை. 2023 செப்டம்பரிலும் 2024 மார்ச்சிலும் கூகுள் செய்த தேடல் மாற்றங்களில் எத்தனையோ சிறு தளங்கள் வருகையின் பெரும்பகுதியை இழந்தன.

எனவே வருகை ஒரே பதிவை நம்பியிருந்தால் 20 மாதம், அதாவது 1,600 டாலருக்கு மேல் போக வேண்டாம். பத்துப் பதினைந்து பதிவுகளில் பரவி, ஆண்டுக்கு ஆண்டு இறங்காமல் இருந்தால் 30 மாதம், 2,400 வரை கொடுக்கலாம். உழைப்பைக் கழிக்காமல் 140-ஐ வைத்துக் கணக்குப் போடும் வேறொருவர் 3,000, 3,500 என்று வரக்கூடும். வரட்டும், நீங்கள் போட்டிக்கு ஏறாதீர்கள். அவர் கேட்கும் 9,000 எந்தக் கணக்கிலும் வராது.

விலை படிந்தால் முழுத் தொகையையும் ஒரே தடவையில் கொடுக்காதீர்கள். எழுபது சதவீதத்தை, தளம் கைமாறும் வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் எஸ்க்ரோ சேவை மூலம் கொடுத்துவிட்டு, மீதியை மூன்று மாத வருகை சொன்னபடி இருந்தால் தருவதாக எழுதிக்கொள்ளலாம். இதற்கு அவர் அடியோடு மறுத்தால், சொன்ன எண்களை அவரே நம்பவில்லையோ என்று நான் சந்தேகப்படுவேன்.

கடைசியாக ஒன்று. விற்பவரின் ஆட்சென்ஸ் கணக்கு உங்களுக்குக் கைமாறாது. உங்கள் சொந்தக் கணக்கில் இந்தத் தளத்தைச் சேர்த்து ஒப்புதல் வாங்கிய பிறகுதான் முதல் டாலர் வரத் தொடங்கும். உங்களிடம் நல்ல நிலையில் ஒரு கணக்கு இல்லை என்றால், அதை முடித்துக்கொண்டு பேரத்துக்குப் போங்கள்.