பிரீமியம் ஏப்ரலில், வாடகை ஜூலையில்: ஜூன் கணக்கை முடிப்பது எப்படி?

கேள்வி: ஆண்டுக் காப்பீட்டுக்கு 36,500 கட்டினோம். பாலிசிக் காலம் 2025 ஏப்ரல் 11 முதல் 2026 ஏப்ரல் 10 வரை. மொத்தத்தையும் ஏப்ரல் செலவிலேயே எழுதிவிட்டேன். வாடகை மாதம் 30,000. ஆனால் காலாண்டு முடிந்து ஜூலை 5 அன்றுதான் மூன்று மாதத்துக்கும் சேர்த்துக் கொடுப்போம், அதனால் இதுவரை எதுவுமே எழுதவில்லை. இப்போது ஜூன் மாதக் கணக்கை முடிக்க வேண்டும். மாதாமாதம் எப்படிப் பிரிப்பது, என்ன என்ட்ரி போடுவது?

பதில்: பன்னிரண்டால் வகுக்கத் தொடங்கும் முன் ஒரு விஷயம். பெரும்பாலானவர்கள் "இந்த மாதச் செலவு எவ்வளவு?" என்று கேட்டு அட்டவணை போடுகிறார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு: "மாதத்தின் கடைசி நாளில் லெட்ஜரில் எவ்வளவு நிற்க வேண்டும்?" அந்த இருப்பைக் கண்டுபிடித்துவிட்டால், இப்போது லெட்ஜரில் நிற்பதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசமே உங்கள் ஜர்னல் என்ட்ரி. காப்பீடு, வாடகை இரண்டுக்கும் இதே வழிதான். போன மாதம் ஏதாவது தவறியிருந்தாலும் இந்த மாத என்ட்ரி அதையும் சேர்த்துப் பிடித்துவிடும்.

முதலில் காப்பீடு. 36,500ஐ 12ஆல் வகுத்தால் 3,041.67 வரும். ஏப்ரலிலிருந்து மார்ச் வரை பன்னிரண்டு தடவை எழுதினால் 36,500.04 ஆகி, கணக்கு 4 காசு எதிர்ப்பக்கம் போய் நிற்கும். அது சின்ன விஷயம். பெரிய விஷயம், ஏப்ரலில் 20 நாள் பாதுகாப்புக்கு முழு மாதச் செலவு எழுதப்படுகிறது. அடுத்த ஏப்ரலின் முதல் 10 நாளுக்குச் செலவே இல்லை. பிரீமியம் என்பது குறிப்பிட்ட தேதியிலிருந்து குறிப்பிட்ட தேதி வரையிலான பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை. ஆகவே அதை நாள் கணக்கில் பிரிப்பதே சரி. உங்கள் பாலிசியில் 365 நாள், ஒரு நாளைக்கு 100. ஏப்ரலுக்கு 20 நாள் 2,000, மேக்கு 3,100, ஜூனுக்கு 3,000. ஜூன் 30 இரவு இன்னும் 284 நாள் பாக்கி இருக்கிறது. ஆகவே அன்றைக்கு "முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு" கணக்கில் 28,400 நிற்க வேண்டும்.

இப்போது அந்தக் கணக்கில் நிற்பது பூஜ்யம், ஏனென்றால் எல்லாம் செலவுக்குப் போய்விட்டது. எனவே ஜூன் 30 தேதியிட்டு ஒரே என்ட்ரி:

முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு க/கு — பற்று 28,400
காப்பீட்டுச் செலவு க/கு — வரவு 28,400

இதற்குப் பிறகு காப்பீட்டுச் செலவில் 8,100 மிஞ்சும். மூன்று மாதத்துக்கும் சேர்த்து அது சரி. ஜூன் மாதத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் செலவு எதிர்மறையாகத் தெரியும். ஏப்ரல், மே அறிக்கைகளை ஏற்கெனவே நிர்வாகத்துக்கு அனுப்பியிருந்தால் "ஏப்ரல் பதிவின் திருத்தம்" என்று ஒரு வரி விளக்கம் சேருங்கள். அந்த மாதங்கள் இன்னும் பூட்டப்படவில்லை என்றால் ஏப்ரல் 30 தேதியில் 34,500க்கு இதே என்ட்ரியைப் போட்டு, மேயில் 3,100, ஜூனில் 3,000 எனக் குறைத்து வருவது இன்னும் சுத்தம். ஜூலையிலிருந்து என்ட்ரி திரும்பிவிடும்:

காப்பீட்டுச் செலவு க/கு — பற்று 3,100
முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு க/கு — வரவு 3,100

பிரீமியத்தின் மேல் கட்டிய வரியை உங்களால் திரும்பப் பெற முடியுமென்றால் அது இந்த 36,500இல் சேராது, தனிக் கணக்குக்குப் போய்விடும். திரும்பக் கிடைக்காத வரி என்றால் அதுவும் காப்பீட்டின் விலைதான், சேர்த்தே பிரியுங்கள்.

அட்டவணையில் ஒரு பாலிசிக்கு ஒரு வரி. B-யில் தொடக்கத் தேதி, C-யில் முடிவுத் தேதி, D-யில் தொகை, E-யில் மொத்த நாள்கள். முதல் வரியில் F1 தொடங்கி மாத இறுதித் தேதிகள். F2 முதல் வலப்பக்கமாக, மாத முடிவில் நிற்க வேண்டிய இருப்பு:

```
E2:  =C2-B2+1
G1:  =EOMONTH(F1,1)
F2:  =ROUND($D2*MAX(0,MIN($E2,$C2-F$1))/$E2,2)
```

F1-இல் 2025 ஏப்ரல் 30 என்று வைத்தால் F2-இல் 34,500 வரும். H2-இல், அதாவது ஜூனுக்கு, 28,400. மாதச் செலவு வேண்டுமென்றால் முந்தைய மாத இருப்பிலிருந்து இந்த மாத இருப்பைக் கழியுங்கள். இருப்பை மட்டுமே முழுதாக்கிக் கழிப்பதால் காசுப் பிசகு சேர்ந்துகொண்டே போகாது. கடைசி மாதத்தில் தானாகப் பூஜ்யத்தில் வந்து நிற்கும். பில் பதிவான மாதத்துக்கு முந்தைய மாதங்களுக்கு இந்தச் சூத்திரத்தை இழுக்காதீர்கள், அங்கேயும் முழுத் தொகையைக் காட்டும்.

E பத்தியைத் தனியாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 11/04/2025 என்று தட்டினால், கணினியின் தேதி அமைப்பு மாதத்தை முதலில் படிப்பதாக இருந்தால் அது நவம்பர் 4 ஆகிவிடும். 10/04/2026 அக்டோபர் 4 ஆகும். திரையில் எதுவும் தப்பாகத் தெரியாது. ஆனால் E2-இல் 365க்குப் பதில் 335 நிற்கும். ஓராண்டு பாலிசிக்கு 365 அல்லது 366 தவிர வேறு எண் வந்தால் உடனே தேதியைப் பாருங்கள்.

இனி, நடு ஆண்டில் வரும் கூடுதல் பிரீமியம். அட்டவணைகள் அதிகம் கெட்டுப்போவது இங்கேதான் என்பது என் அனுபவம். அக்டோபர் 1 முதல் ஒரு புதிய இயந்திரத்தையும் அதே பாலிசியில் சேர்க்கிறீர்கள், கூடுதல் பிரீமியம் 1,920 என்று வைத்துக்கொள்வோம். D2-வை 38,420 என்று மாற்றத்தான் கை போகும். மாற்றினால், அந்த 1,920ம் ஏப்ரலிலிருந்தே ஓடியது போலச் சூத்திரம் கணக்கிட்டு, அக்டோபர் 31க்கு 16,946.90 என்று காட்டும். உண்மையில் பழைய தொகையில் 161 நாளுக்கு 16,100, புதியதில் 161 நாளுக்கு 1,610, ஆக 17,710 நிற்க வேண்டும். 763.10 காரணமின்றி அக்டோபர் செலவில் ஏறிவிடுகிறது. அது மட்டுமல்ல, நீங்கள் ஏற்கெனவே மூடிய மாதங்களின் எண்களும் அட்டவணையில் மாறிவிடும். ஆகவே கூடுதல் பிரீமியத்துக்குப் புதிய வரி: அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 10 வரை, 192 நாள், 1,920. பழைய வரியைத் தொடவே வேண்டாம்.

இப்போது வாடகை. இதை நாள் கணக்கில் பிரிக்க வேண்டாம். ஒப்பந்தம் மாதத்துக்கு இவ்வளவு என்று பேசுகிறது; 31 நாள் மாதத்துக்குக் கூடுதலாகக் கேட்பதில்லை. எனவே மாதம் 30,000. இங்கே பணம் பிறகு போகிறது, இடத்தை அனுபவிப்பது முன்னால் நடக்கிறது. ஜூன் 30 அன்று மூன்று மாதம் இருந்துவிட்டீர்கள். 90,000 கொடுக்க வேண்டியிருக்கிறது. "கொடுபட வேண்டிய வாடகை" என்ற பொறுப்புக் கணக்கில் அன்று அந்த 90,000 நிற்க வேண்டும். மாதங்கள் திறந்திருந்தால் ஏப்ரல், மே, ஜூன் ஒவ்வொன்றின் கடைசி நாளிலும் 30,000. இல்லையென்றால் ஜூனில் மொத்தமாக:

வாடகைச் செலவு க/கு — பற்று 90,000
கொடுபட வேண்டிய வாடகை க/கு — வரவு 90,000

ஜூலை 5 அன்று பணம் கொடுக்கும்போது:

கொடுபட வேண்டிய வாடகை க/கு — பற்று 90,000
வங்கி க/கு — வரவு 90,000

இந்த இரண்டாவது என்ட்ரியில்தான் கவனம் வேண்டும். பில் வந்ததும் பழக்கத்தில் வாடகைச் செலவையே பற்று வைத்துவிடுவார்கள். நான் கணக்கு பார்த்த ஓர் அலுவலகத்தில் இது இரண்டு காலாண்டு தொடர்ந்து நடந்தது. செலவில் இரட்டிப்பு, பொறுப்பில் தீராத பாக்கி. உங்கள் எண்களில் சொன்னால், ஜூலை வாடகைச் செலவு 1,20,000 என்று தெரியும், ஜூலை 31 அன்று கொடுபட வேண்டிய வாடகை 30,000க்குப் பதிலாக 1,20,000 காட்டும். வித்தியாசம் துல்லியமாக ஒரு காலாண்டு வாடகை. அந்த எண்ணைப் பார்த்தவுடனேயே என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். பில் பதிபவரும் மாத முடிவு பார்ப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால், ஜூலை 1 அன்றே ஜூன் என்ட்ரியைத் தலைகீழாக்கிவிட்டு, பில்லை வழக்கம்போல் செலவில் பதியும் முறை உண்டு. இரண்டில் எதுவானாலும் சரி. ஆனால் இரண்டையும் கலக்கக் கூடாது.

பில் எதிர்பார்த்த தொகையில் வராவிட்டால்? ஜூன் 1 முதல் வாடகை 33,000 ஆகிவிட்டது, அது ஜூலையில்தான் தெரிய வருகிறது, பில் 93,000. ஜூன் இன்னும் திறந்திருந்தால் அங்கேயே 3,000 சேருங்கள். மூடிவிட்டால் கவலையில்லை. பணம் கொடுத்த பிறகு பொறுப்புக் கணக்கு 3,000 பற்று காட்டும். ஜூலை 31 அன்று நிற்க வேண்டியது 33,000 வரவு. வித்தியாசம் 36,000, அதுவே ஜூலை என்ட்ரி. அதில் 33,000 ஜூலைக்கு, 3,000 ஜூனில் விட்டுப்போனதற்கு.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் நிறுவனம் ஐஎஃப்ஆர்எஸ் 16 பின்பற்றினால், 12 மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைகளில் வாடகையை இப்படி எழுத முடியாது. பயன்பாட்டு உரிமைச் சொத்து, குத்தகைப் பொறுப்பு என்று இருப்புநிலைக் குறிப்பில் ஏற்றி, தேய்மானமும் வட்டியுமாகச் செலவெழுத வேண்டும். 12 மாதமோ அதற்குக் குறைவோ ஆன குத்தகைக்கும், மதிப்புக் குறைந்த சாதனங்களின் குத்தகைக்கும் அதில் விலக்கு உண்டு. அவற்றுக்கு மேலே சொன்ன முறை பொருந்தும். காப்பீட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஜூன் மூடும் முன், அட்டவணையின் ஜூன் பத்திக் கூட்டலையும் லெட்ஜர் இருப்பையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள்: காப்பீடு 28,400 பற்று, வாடகை 90,000 வரவு. அடுத்த ஆண்டு ஏப்ரல் 30 அன்றும் இதைச் செய்யும்போது, இந்தப் பாலிசியின் வரி பூஜ்யம் காட்டும். லெட்ஜரில் அட்டவணையைவிட 1,000 அதிகமாக நின்றால், ஏப்ரலின் முதல் 10 நாள் செலவை எழுதாமல் நேராகப் புதுப்பித்த பாலிசிக்குத் தாவிவிட்டீர்கள் என்று பொருள்.