மூலையில் ஒரு மின்னூட்டம்: 48-ஆ, 24-ஆ, சுழியா?

சேலம் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில், ஒரே கணக்கைச் சுற்றி வந்தவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கணக்கு இதுதான்: கனசதுரத்தின் ஒரு மூலையில் q என்ற புள்ளி மின்னூட்டம் இருக்கிறது. ஒரு முகத்தின் வழியே செல்லும் மின்பாயம் எவ்வளவு?

அம்மாப்பேட்டை, பிளஸ் டூ மாணவி: மூலையில் இருப்பதால் எட்டில் ஒரு பங்குதான் இந்தக் கனசதுரத்துக்கு. முகங்கள் ஆறு. எனவே q/48ε₀ என்று எழுதினேன். விடைக்குறிப்பில் q/24ε₀ என்று இருக்கிறது. அச்சுப் பிழையா, ஐயா?

அச்சுப் பிழை இல்லை, அம்மா. எட்டில் ஒரு பங்கு என்பது வரை நீங்கள் போனது சரி. அதை ஆறு முகங்களுக்கும் சமமாகப் பிரித்த இடத்தில்தான் வழி தவறியது.

வீட்டில் 2×2 ரூபிக் கனசதுரம் இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுச் சிறு கனசதுரங்கள் சேர்ந்த ஒரு பெரிய கனசதுரம் அது. எட்டும் கூடும் நட்டநடுப் புள்ளியில் உங்கள் மின்னூட்டத்தை வைத்துவிட்டதாக நினையுங்கள். இப்போது பெரிய கனசதுரத்துக்கு அது சரியாக மையம். காஸ் விதிப்படி வெளியே போகும் மொத்த மின்பாயம் q/ε₀. வெளியே ஒட்டியிருக்கும் வண்ணக் கட்டங்களை எண்ணுங்கள்: ஒரு பக்கத்துக்கு நான்கு, ஆறு பக்கத்துக்கு 24. எந்த வண்ணக் கட்டத்தையும் திருப்பித் திருப்பி மற்ற எந்தக் கட்டத்தின் இடத்துக்கும் கொண்டுவந்துவிடலாம். நடுவிலிருக்கும் மின்னூட்டத்துக்கு வித்தியாசம் தெரியாது. எனவே ஒவ்வொன்றுக்கும் q/24ε₀.

இனி ஒரே ஒரு சிறு கனசதுரத்தைப் பாருங்கள். அதன் மூன்று முகங்களில் வண்ணம் இருக்கிறது. மற்ற மூன்றும் உள்ளே புதைந்திருக்கின்றன. அந்த மூன்றும் மின்னூட்டம் இருக்கும் மூலையிலேயே சந்திக்கின்றன. மின்னூட்டத்திலிருந்து கிளம்பும் புலக்கோடு அந்த முகங்களைத் துளைப்பதில்லை, அவற்றின் மேலேயே படிந்து ஓடுகிறது. ஆகவே அவற்றின் வழியே பாயம் சுழி. எட்டில் ஒரு பங்கு முழுவதும் எதிரே இருக்கும் மூன்று முகங்கள் வழியாகவே வெளியேறியாக வேண்டும். q/8ε₀-ஐ மூன்றால் வகுத்தாலும் அதே 24 வருகிறது.

q = 1 மைக்ரோகூலூம் என்றால் எதிர்முகம் ஒன்றுக்குச் சுமார் 4706 நியூட்டன் சதுர மீட்டர்/கூலூம். கனசதுரத்தின் பக்க அளவு கேட்கப்படவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பெட்டி பெரிதானால் புலம் எந்த அளவுக்குக் குறைகிறதோ, பரப்பு அதே அளவுக்குக் கூடுகிறது.

ஆத்தூர், தனிப்பயிற்சி ஆசிரியர்: மாணவர்களுக்கு நானும் 24 என்றுதான் சொல்கிறேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. மின்னூட்டம் பரப்பின் மேலேயே இருக்கும்போது காஸ் விதியை எப்படிப் பயன்படுத்த முடியும்? அந்த மூலையில் புலம் முடிவிலி அல்லவா? அருகிலுள்ள முகங்களுக்குச் சுழி என்பது ஒரு வசதிக்காகச் சொல்வது.

உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியைத்தான் பலர் கண்டுகொள்வதில்லை. உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று சொல்ல முடியாத மின்னூட்டத்துக்கு காஸ் விதி நேரடியாக விடை தராது. மின்னூட்டத்தை மூலையிலிருந்து மயிரிழை நகர்த்திப் பார்த்தால் இது தெளிவாகும்.

மூலைவிட்டத்தின் வழியே துளி உள்ளே தள்ளுங்கள். இப்போது அது முழுதாக உள்ளே இருக்கிறது. மொத்தப் பாயம் q/ε₀. தொலைவிலுள்ள மூன்று முகங்களுக்கு இந்த நகர்வு பொருட்டே இல்லை. அவற்றில் ஏறத்தாழ அதே q/24ε₀ தான். மீதி 7q/8ε₀ அருகிலுள்ள மூன்று முகங்களுக்குப் போகிறது, ஒன்றுக்கு 7q/24ε₀.

அதே துளி அளவு வெளியே தள்ளினால் மொத்தப் பாயம் சுழி. தொலைவு முகங்கள் அசையவில்லை, அதே q/24ε₀. அதை ஈடுகட்ட அருகு முகங்கள் ஒவ்வொன்றிலும் −q/24ε₀, அதாவது உள்நோக்கி நுழையும் பாயம். அருகு முகத்தின் விடை 7/24, 0, −1/24 என்று குதிக்கிறது. எதிர்முகமோ எதற்கும் அசையவில்லை.

எனவே நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். எதிர்முகத்தின் q/24ε₀ எந்த ஒப்பந்தத்தையும் நம்பி நிற்கவில்லை; ரூபிக் வாதத்தில் மின்னூட்டம் பெரிய கனசதுரத்தின் உள்ளேதான் இருந்தது, ஆகவே காஸ் விதிக்கு அங்கே ஒரு இடைஞ்சலும் கிடையாது. அருகு முகத்தின் சுழிக்கு மட்டும், மின்னூட்டம் மிகச் சரியாக மூலையில் இருக்கிறது, அந்த ஒற்றைப் புள்ளியைக் கணக்கில் சேர்க்கவில்லை என்ற நிபந்தனை உண்டு. புள்ளிக்குப் பதிலாக, சீராக மின்னேற்றிய சின்னஞ்சிறு கோளத்தின் மையத்தை மூலையில் வைத்தால் முடிவிலி என்ற பேச்சே எழாது; எட்டில் ஒரு பங்கு உண்மையாகவே உள்ளே இருக்கும், அருகு முகங்களின் வழியே பாயமும் சுழியாகவே இருக்கும்.

ஏற்காடு, காப்பித் தோட்டக்காரர்: எங்கள் வீடு மேட்டில் தனியாக நிற்கிறது. மின்னூட்டம் மூலையில் சேரும் என்றால் இடிதாங்கியைக் கூரையின் மூலையில் வைப்பதுதான் நல்லதா?

இது வேறு கதை, ஐயா. கடத்தி ஒன்றில் கூரான இடங்களில் மின்னூட்டம் நெருக்கமாகக் குவியும் என்பது உண்மை. ஆனால் இந்தக் கணக்கின் கனசதுரம் உலோகமும் அல்ல, கட்டடமும் அல்ல. மனத்தில் வரைந்துகொண்ட வெறும் எல்லை. மின்னூட்டம் மூலைக்குத் தானாகப் போகவில்லை, நாம் வைத்தோம். இடிதாங்கியை எங்கே, எத்தனை வைப்பது என்பதை வீட்டைப் பார்த்துச் சொல்லக்கூடிய பொறியாளரிடம் கேளுங்கள். மலைமேட்டில் தனி வீடு என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

ஓமலூர், பொறியியல் முதலாண்டு மாணவர்: சமச்சீர் வாதம் ஏமாற்று வேலை போல இருக்கிறது. தொகையிடாமல் எப்படி நம்புவது? இரட்டைத் தொகையீட்டில் இறங்கி நடுவில் மாட்டிக்கொண்டேன்.

தம்பி, தொகையீட்டை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் கால்குலேட்டரோடு உட்காருங்கள். பக்கம் 1 என்று கொள்ளுங்கள். மின்னூட்டத்துக்கு எதிர்முகத்தில் மிக அருகிலுள்ள புள்ளி, அந்த முகத்தின் ஒரு மூலை. அங்கிருந்து முகத்தின் மேல் x, y என்று அளந்தால் மின்னூட்டம் வரையான தூரத்தின் வர்க்கம் r² = 1 + x² + y². புலம் 1/r² ஆகக் குறைகிறது. அதில் முகத்துக்குச் செங்குத்தான பங்கு மட்டும் வேண்டும், அதற்கு இன்னொரு 1/r. ஆக ஒவ்வொரு இடத்திலும் கூட்ட வேண்டியது 1/r³.

முகத்தை நான்கு சதுரங்களாக வெட்டி ஒவ்வொன்றின் நடுவிலும் மதிப்பை எடுங்கள். (0.25, 0.25) இல் 0.838. (0.25, 0.75), (0.75, 0.25) இரண்டிலும் 0.483. (0.75, 0.75) இல் 0.323. கூட்டினால் 2.127; ஒவ்வொரு சதுரத்தின் பரப்பும் 0.25 என்பதால் 0.532. இதை q/4πε₀ ஆல் பெருக்கினால் q/23.6ε₀ வருகிறது. நான்கே துண்டுகளில் 24-க்கு இவ்வளவு அருகில் வந்துவிட்டோம். துண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட 0.532 மெல்ல இறங்கி 0.5236-ல் போய் நிற்கும். அது π/6, 4π-இல் சரியாக 24-இல் ஒரு பங்கு.

இரட்டைத் தொகையீட்டை முடித்தே தீருவேன் என்றால், போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன். செவ்வக முகம் ஒன்றின் பக்கங்கள் a, b. அதன் ஒரு மூலைக்கு நேர் கீழே d தூரத்தில் மின்னூட்டம். அங்கிருந்து பார்க்கும்போது அந்த முகம் அடைக்கும் திண்மக்கோணம்:

```
Ω = arctan( a·b / ( d·√(a² + b² + d²) ) )
```

மூன்றும் சமம் என்றால் arctan(1/√3), அதாவது π/6. பாயம் qΩ/4πε₀.

உங்கள் வகுப்பில் யாராவது q/4πε₀ என்று விடை கொண்டுவந்தால் என்ன நடந்தது என்று உடனே சொல்லிவிடலாம்: அருகு மூலையின் புலத்தை முகம் முழுவதற்கும் சமம் என்று வைத்துப் பரப்பால் பெருக்கியிருப்பார். தொலைவு மூலையில் செங்குத்துப் பங்கு 0.19 தான். அதனால்தான் அவருடைய விடை சரியானதைப்போல் 1.9 மடங்காக வீங்கியிருக்கும்.

சூரமங்கலம், மாணவர்: கனசதுரத்துக்குப் பதில் 1×1×2 செவ்வகப் பெட்டி என்றால்? எட்டில் ஒரு பங்கு, மூன்று எதிர்முகங்கள், அதே 24 தானே?

எட்டில் ஒரு பங்கு தப்பாது. எட்டுப் பெட்டிகளை அடுக்கினால் மின்னூட்டம் மையத்துக்கு வரும். சமமாகப் பிரிப்பதுதான் நடக்காது, ஏனென்றால் மூன்று எதிர்முகங்களும் இப்போது ஒன்றுபோல் இல்லை. மேலே கொடுத்த வாய்பாட்டில் போடுங்கள். 2 அலகு தள்ளியிருக்கும் சதுர முகத்துக்கு arctan(1/(2√6)); 4π ஆல் வகுத்தால் அது q/ε₀-இல் 0.0160 பங்கு. நீளமான முகங்கள் இரண்டுக்கும் தலா arctan(2/√6), அதேபோல் வகுத்தால் 0.0545 பங்கு. மூன்றையும் கூட்டினால் 0.125. கூட்டுத்தொகை எட்டில் ஒன்றுக்கு வராவிட்டால் எங்கோ a, b, d மாறிப்போயிருக்கிறது என்று பொருள்.

மேட்டூர், ஒரு மாணவியின் தந்தை: என் மகளின் மாதிரித் தேர்வில் "ஒரு முகத்தின் வழியே" என்று மட்டும் கேட்டிருந்தார்கள். விருப்பங்களில் சுழியும் இருந்தது, q/24ε₀ உம் இருந்தது. அவள் சுழியைக் குறித்தாள்; மதிப்பெண் இல்லை. இது நியாயமா?

கேள்வி குறையுள்ளது. எந்த முகம் என்று சொல்லாதவரை இரண்டு விடைகளுக்கும் தலா மூன்று முகங்கள் சாட்சிக்கு இருக்கின்றன. தேர்வறையில் நான் இருந்தால் q/24ε₀ என்றுதான் குறிப்பேன், கேட்டவரின் மனத்தில் இருந்தது அதுவாகத்தான் இருக்கும் என்பதால். ஆனால் அது கேட்டவரை ஊகிப்பது, இயற்பியல் அல்ல. சுழி ஏன் என்று உங்கள் மகள் காரணம் சொல்வாள் என்றால் மதிப்பெண் கேட்பதில் தவறில்லை.

இதற்கு ஆத்தூர் ஆசிரியர் மறுப்பு எழுதியிருக்கிறார்: "அருகு முகத்தின் விடை மயிரிழை நகர்வில் 7/24 வரை தாவும் என்று நீங்களே சொன்னீர்கள். அப்படிப்பட்ட சுழிக்கு மதிப்பெண் எதற்கு?" கேள்வியில் "மூலையில்" என்று இருக்கும்போது நகர்த்திப் பார்க்கும் உரிமை நமக்கு இல்லை என்பது என் வாதம். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.