20 சதவீதம் காட்டும்போதே ஸ்கூட்டர் நின்றுவிடுகிறது, ஏன்?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். வண்டி வாங்கி 2 வருடம் ஆகிறது. கழற்றி எடுத்து சார்ஜ் போடும் பேட்டரி, 51.8 வோல்ட், 30 ஆம்பியர்-அவர் என்று எழுதியிருக்கிறது. முன்பு 80 கி.மீ. ஓடும். மார்கழி பிறந்ததிலிருந்து 50-ஐத் தாண்டவில்லை. காலையில் மேடு ஏறும்போது 20 சதவீதம் காட்டிக்கொண்டே அணைந்துவிடுகிறது. சார்ஜரில் பச்சை விளக்கு வந்த பிறகும் மீட்டரில் 92-தான். பேட்டரி மாற்ற வேண்டும் என்கிறார்கள். குளிர்தான் காரணமா?

பதில்: குளிர் பாதிக் காரணம்தான். குளிரில் பேட்டரியின் உள் தடை கூடும், ரேஞ்ச் குறையும். ஆனால் அந்தக் குறைவு சீராக இருக்கும்; வெயில் ஏறியதும் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். 20 சதவீதத்தில் பட்டென்று அணைவதற்குக் குளிர் மட்டும் போதாது.

உங்கள் பேட்டரியில் 14 செல் வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றின் வோல்டேஜ் கீழ் எல்லையைத் தொட்டாலும், மற்ற 13-ல் சார்ஜ் மிச்சமிருந்தாலும், உள்ளே இருந்து பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் பி.எம்.எஸ். போர்டு மொத்தத்தையும் நிறுத்திவிடும். மேடு ஏறும்போது மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கிறது. ஏற்கெனவே பின்தங்கிய வரிசை குளிரில் இன்னும் இறங்கி, முதலில் எல்லையைத் தொடுகிறது. மீட்டர் காட்டுவது மொத்தக் கணக்கு, அதனால் அதில் 20 தெரிகிறது.

அந்த வரிசை ஏன் பின்தங்கியது? எனக்குச் சந்தேகம் சார்ஜர் மேல்தான், அந்த 92 அதைத்தான் சொல்கிறது. உங்கள் வகை பேட்டரியில் ஒரு வரிசை முழுதாக நிறைந்தால் 4.2 வோல்ட், 14 வரிசைக்கு 58.8. சார்ஜரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் இதே எண் இருக்கிறதா பாருங்கள். பச்சை விளக்கு வந்து அரை மணி கழித்து, சார்ஜர் இணைப்பில் இருக்கும்போதே பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு என்று ஆப்பில் பாருங்கள். ஆப்பில் காட்டாவிட்டால் சார்ஜரைக் கழற்றியதும் எலக்ட்ரீஷியன் ஒருவரை மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். சார்ஜர் பின்னில் நீங்களே கம்பி நுழைக்க வேண்டாம். சில சார்ஜர்கள் பேட்டரியோடு இணையாமல் வோல்டேஜே தராது. அதில் பூஜ்யம் காட்டினால் கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை.

58.5-க்கு மேல் இருந்தால் சார்ஜர் சரி. 57-லேயே நின்றால் வரிசைக்கு 4.07 வோல்ட்தான் கிடைக்கிறது. கொள்ளளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நிறையாமல் போகிறது. அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. பல பேட்டரிகளில் பி.எம்.எஸ். வரிசைகளைச் சமன் செய்வது சார்ஜின் கடைசிக் கட்டத்தில்தான். அந்த உயரத்தை எட்டாவிட்டால் சமன்படுத்தலே நடக்காது, வித்தியாசம் மாதக்கணக்கில் வளரும்.

சார்ஜர் மாற்றினாலும் ஒரே ராத்திரியில் சரியாகிவிடாது. ஒரு வரிசை 3 ஆம்பியர்-அவர் பின்தங்கியிருக்கிறது என்று வையுங்கள். சமன்படுத்தும் கரண்ட் 50 மில்லிஆம்பியர் அளவுதான் என்றால் 60 மணி நேரம் வேண்டும். பச்சை விளக்குக்குப் பிறகு தினமும் 3 மணி நேரம் விட்டுவைத்தால் 20 நாள். நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில், எரியக்கூடிய பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் செய்யுங்கள். அதே பின் பொருந்துகிறது என்று கடையில் கிடைக்கும் வேறு வோல்டேஜ் சார்ஜரை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள்.

டயரையும் விட்டுவிடாதீர்கள். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் காற்றழுத்தம் 1 முதல் 2 பி.எஸ்.ஐ. வரை குறையும். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது, கையேட்டில் உள்ள அளவுக்குப் பிடியுங்கள். இதில் சில கிலோமீட்டர் திரும்பும், 30 திரும்பாது. பேட்டரியை இரவில் வீட்டுக்குள்ளேயே வையுங்கள். உறைபனிக் குளிரில் இருந்ததை உடனே சார்ஜில் போடாதீர்கள், செல் நிரந்தரமாகக் கெடும்.

பேட்டரி மாற்றச் சம்மதிக்கும் முன் சர்வீஸ் சென்டரில் 14 வரிசைகளின் வோல்டேஜையும் இரண்டு முறை கேளுங்கள்: முழு சார்ஜில் ஒன்று, 20 சதவீதத்தில் ஒன்று. ஒரே வரிசை இரண்டிலும் கீழே இருந்தால் அது சார்ஜ் வித்தியாசம், சமன் செய்து மீட்க வாய்ப்பு அதிகம். முழு சார்ஜில் மற்றவற்றைவிட மேலே போய், 20 சதவீதத்தில் எல்லாவற்றுக்கும் கீழே விழுந்தால் அந்த செல் கொள்ளளவையே இழந்துவிட்டது. சமன் செய்து பயனில்லை. அப்போது வாரண்டி அட்டையைப் பாருங்கள். வருடம், கிலோமீட்டர், குறைந்தபட்சக் கொள்ளளவு என எவையெல்லாம் எழுதியிருக்கின்றன என்று கவனியுங்கள். அளவுகளை ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்தோடு வாங்குங்கள். வாரண்டிக்குள் இருந்தும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். அதற்கும் மசியாவிட்டால் அந்த ஜாப் கார்டோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.